70 முறை இழுத்தாயிற்று, நிறுத்துவதா தொடர்வதா?

பணம் கட்டிக் குலுக்கல் முறையில் கதாபாத்திரங்களை இழுக்கும் காச்சா விளையாட்டுகளை நன்கறிந்தவர்கள் உதவுங்கள். என் தம்பி ஒரு கதாபாத்திரத்துக்காக 70 முறை இழுத்துவிட்டான், கிடைக்கவில்லை. "இனி வந்தே தீரும்" என்கிறான். விதிப் பக்கத்தில் வாய்ப்பு 1 சதவீதம் என்றிருக்கிறது. அப்படியானால் 70 முறை இழுக்கும் நூறு பேரில் ஏறக்குறைய 49 பேர் வெறுங்கையோடுதான் நிற்பார்கள். 71-ஆவது இழுப்புக்கும் அதே 1 சதவீதம்தான்.

90-ஆவதில் அரிய கதாபாத்திரம் ஒன்று உறுதி. ஆனால் அது வேறொன்றாக இருக்கப் பாதி வாய்ப்பு உண்டு. அடுத்த 90-க்குள்தான் அவன் கேட்பது நிச்சயம். ஆக, மோசமான நிலையில் இன்னும் 110 இழுப்புகள். அந்த 110-க்கான முழுப் பணத்தையும் கையில் வைத்து யோசிக்கச் சொன்னேன்.

அந்தக் கதாபாத்திரத்துக்கான நிகழ்வு நாளை முடிகிறது. இந்த 70 எண்ணிக்கை அடுத்த நிகழ்வுக்குத் தொடருமா, அழிந்துவிடுமா? விதிகளில் எந்த வரியைப் பார்த்து உறுதிசெய்வது?