போர்ட்டபிள் ஏ.சி.யின் குழாயை வெளியே விட்டும் அறை குளிராதவர்கள் உண்டா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மேல்மாடி வாசி, வேளச்சேரி

மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். சுவரில் துளை போடக் கூடாது என்று வீட்டுக்காரர் முன்பே எழுதி வாங்கிவிட்டதால், ஸ்பிளிட் ஏ.சி. மாட்ட வழியில்லாமல் ஏப்ரலில் ஒரு டன் போர்ட்டபிள் ஏ.சி. வாங்கினேன். படுக்கையறை பத்துக்குப் பன்னிரண்டு அடி, உயரம் பத்தடி, மேற்குப் பார்த்த ஒரே ஜன்னல். இயந்திரத்துடன் வந்த நீளப் பலகை பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் ஜன்னலுக்கானது. எங்கள் ஜன்னலோ வெளிப்பக்கம் திறக்கும் இரட்டைக் கதவும் உட்புறம் இரும்புக் கம்பியும் கொண்டது. குழாயின் வாய் கம்பிகளுக்கு இடையே நுழையாததால், ஒரு கதவைப் பாதி திறந்து, குழாயைக் கம்பியோடு சேர்த்துக் கட்டி, சுற்றியிருந்த இடைவெளியைத் திரைச்சீலையால் மூடினேன். அறைக்கதவின் அடியில் துண்டையும் சுருட்டி வைத்தேன். பிற்பகல் இரண்டு மணிக்கு 33 டிகிரியாக இருந்த அறை, இரண்டு மணி நேரம் ஓடிய பிறகும் 31க்குக் கீழே இறங்கவில்லை. இயந்திரம் பழுதா, நான் வைத்த முறை பிழையா என்று தெரியவில்லை.

கோடை விரும்பாதவன், திருச்சி

சகோதரி, எங்கள் வீட்டிலும் முதலில் இப்படித்தான் புழுங்கியது. கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் மூடி வைத்ததுதான் காரணம் என்று கடைக்காரர் சொன்னார். எதிரும் புதிருமாக இரண்டு ஜன்னல்களைத் திறந்து வைத்து, இயந்திரத்தை ஒரு ஜன்னலின் அருகே நகர்த்தி, தொட்டியில் ஐஸ் கட்டி போட்ட பிறகு நன்றாகக் குளிர்கிறது.

மேல்மாடி வாசி, வேளச்சேரி

ஐயா, தாங்கள் சொல்வது ஏர் கூலர் என்று நினைக்கிறேன். என்னுடையதில் தண்ணீர் ஊற்றும் தொட்டி கிடையாது.

வைகைக்கரையான், மதுரை

குற்றம் குழாயில்தான் இருக்கிறது. ஓடும்போது அதைத் தொட்டுப் பாருங்கள், கையை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். அறைக்குள்ளேயே ஒரு ஹீட்டரை வைத்துக்கொண்டு அறை குளிரவில்லை என்று வருந்துவது போன்றது அது. நான் டக்ட் வேலைக்குப் பயன்படுத்தும் கறுப்பு ரப்பர் ஷீட்டை வாங்கி, குழாய் முழுவதும் சுற்றி, மேலே அலுமினிய டேப் ஒட்டினேன். அன்றிலிருந்து எனக்குக் குறையில்லை.

சர்வீஸ் அண்ணாச்சி, தாம்பரம்

ஏ.சி. பழுதுபார்ப்பதில் இருபத்திரண்டு வருடங்களாக இருக்கிறேன் அம்மா. முதலில் இயந்திரத்தின் மேல் உள்ள சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். கால் மணி நேரம் ஓடிய பிறகு, குளிர்காற்று வெளிவரும் வாயிலும், பின்புறம் மேலே அறைக்காற்றை இழுக்கும் வலைக்கு அருகிலும் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் எட்டு முதல் பன்னிரண்டு டிகிரி வித்தியாசம் இருந்தால் கேஸும் கம்ப்ரெஸரும் சரியாக இருக்கின்றன, பிழை வெளியே இருக்கிறது என்று கொள்ளலாம். மூன்று, நான்கு டிகிரிதான் என்றால் வடிகட்டியைக் கழுவிப் பாருங்கள். அதற்கும் மாறாவிட்டால் ஆளைக் கூப்பிடுங்கள்.

குழாயைச் சுற்றியது வீண் என்று மதுரை நண்பரிடம் சொல்ல மாட்டேன், ஆனால் அது பெரிய காரணம் அல்ல. ஒன்றரை மீட்டர் குழாய் அறைக்குள் விடும் வெப்பம், பழைய குண்டு பல்பு இரண்டு எரிந்தால் வரும் அளவுதான். பெரிய திருட்டு வேறிடத்தில் நடக்கிறது. ஒற்றைக் குழாய் இயந்திரம் தன் சூட்டை வெளியேற்ற அறையின் காற்றையே எடுத்து வெளியே தள்ளுகிறது. நிமிடத்துக்கு 200 கன அடி என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும், உங்கள் அறையில் உள்ளது 1,200 கன அடி. ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை அறைக்காற்று முழுவதும் வெளியே போய்விடுகிறது. போன அளவுக்குக் காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தே தீரும். 38 டிகிரியில் வருகிற அந்தக் காற்றை 27க்குக் கொண்டுவர மட்டுமே ஒரு டன்னில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், அதில் உள்ள ஈரத்தைப் பிழிந்தெடுக்கும் செலவு தனி.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, காற்று எந்த வழியாக உள்ளே வருகிறது என்பதுதான். இயந்திரத்தை ஓடவிட்டு, ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு கதவின் அடி, குளியலறை, ஜன்னல் என்று ஒவ்வோர் இடுக்காகக் காட்டிக்கொண்டே போங்கள். புகை எந்த இடத்தில் உங்கள் முகத்தை நோக்கித் திரும்புகிறதோ, அதுதான் வழி.

மேல்மாடி வாசி, வேளச்சேரி

அண்ணாச்சி சொன்னபடி இன்று செய்து பார்த்தேன். உள்ளே இழுக்கும் காற்று 31, வெளிவரும் காற்று 20. ஆகவே இயந்திரத்தில் பழுதில்லை.

ஊதுவத்தி சொன்னதுதான் என்னைத் திகைக்க வைத்தது. நான் துண்டு வைத்து அடைத்திருந்த அறைக்கதவின் அடியில் புகை அசையாமல் நேராக எழுந்தது. குளியலறையில் கண்ணாடிச் சட்டங்கள் செருகிய சிறு ஜன்னலில் இருந்து புகை உள்ளே வந்தது. எல்லாவற்றையும் விட வேகமாக, குழாயைச் சுற்றி நான் தொங்கவிட்டிருந்த திரைச்சீலையின் ஓரத்தில் புகை கோடு போல உள்ளே பாய்ந்தது. சீலையே காற்றில் அறைப்பக்கம் உப்பிக்கொண்டு நின்றது. குழாய் வெளியே தள்ளிய சூடான காற்று பாதி திறந்த ஜன்னல் கதவில் மோதி, அரையடி தள்ளியிருந்த இடுக்கு வழியாகத் திரும்பவும் அறைக்குள்ளேயே வந்துகொண்டிருந்திருக்கிறது. குளிரைக் காப்பதாக நினைத்து நான் வைத்த துண்டு, ஹாலில் இருந்து வரக்கூடிய சற்றுக் குளிர்ந்த காற்றைத் தடுத்து, இந்தச் சூட்டை இன்னும் அதிகமாக இழுக்க வைத்திருக்கிறது.

சர்வீஸ் அண்ணாச்சி, தாம்பரம்

அதேதான் அம்மா. ஜன்னலைப் பலகையால் முழுவதும் மூடி, குழாயின் வாய்க்கு மட்டும் வழி விடுங்கள். குளியலறை ஜன்னலையும் மூடுங்கள். அறைக்கதவின் அடியில் உள்ள துண்டை எடுத்துவிடுங்கள். காற்று வருவதற்கு நாமே காட்டும் வழியாக அது இருக்கட்டும். ஹாலில் கிழக்குப் பக்கம் ஜன்னல் இருந்தால் பிற்பகலில் அதை மட்டும் கொஞ்சம் திறந்து வையுங்கள். 38 டிகிரிக் காற்றுக்குப் பதில் நிழலில் புகுந்து ஹாலைக் கடந்து வரும் 33 டிகிரிக் காற்று வந்தால், அந்த இழப்பு பாதியாகும்.

ஓர் எச்சரிக்கை: குளியலறையில் கேஸ் கீசர் இருந்தால், இந்த ஏ.சி. ஓடும் நேரத்தில் அதைப் பயன்படுத்தவே வேண்டாம். உறிஞ்சும் வேகத்தில் கீசரின் புகை வெளியே போகாமல் அறைக்குத் திரும்பும். அந்த நச்சுப் புகைக்கு வாசனை கிடையாது.

முத்துநகர் ஆசிரியர், தூத்துக்குடி

என் குறை வேறு. குளிர் ஓரளவு வருகிறது, ஆனால் இரவில் இரண்டு முறையாவது தண்ணீர் நிறைந்துவிட்டது என்று விளக்கு எரிந்து இயந்திரம் நின்றுவிடுகிறது. தண்ணீர் தானாகவே ஆவியாகிக் குழாய் வழியே போய்விடும் என்று விற்கும்போது உறுதி சொன்னார்கள். எங்கள் வீட்டில் குழாயை, எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கும் குளியலறைக்குள் விட்டிருக்கிறேன். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

சர்வீஸ் அண்ணாச்சி, தாம்பரம்

உண்டு ஐயா. அந்தச் சிறிய ஃபேன் இந்தக் காற்று முழுவதையும் வெளியேற்றாது. மீதி கதவிடுக்கு வழியாக, ஆவியாகிப் போன ஈரத்தையும் சுமந்துகொண்டு அறைக்கே வருகிறது. இயந்திரம் அதே தண்ணீரைத் திரும்பப் பிழிகிறது. குழாயின் வாய் திறந்த வெளியைப் பார்க்க வேண்டும். படிக்கட்டு, மூடிய பால்கனி, பரண் எதுவும் உதவாது. கடலோர ஊரில் அதைச் சரிசெய்த பிறகும் தண்ணீர் சேரத்தான் செய்யும். கீழே உள்ள அடைப்பைத் திறந்து சிறிய பிளாஸ்டிக் குழாய் மாட்டி வாளியில் விட்டுவிடுங்கள்.

மேல்மாடி வாசி, வேளச்சேரி

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். முதலில் அட்டைப்பெட்டியை வெட்டிப் பார்த்தேன். இரண்டே நாளில் வளைந்துவிட்டது. பிறகு விளம்பரப் பலகை செய்யும் கடையில் ஐந்து மில்லிமீட்டர் சன்போர்டை ஜன்னல் அளவுக்கு வெட்டி வாங்கினேன். குழாயோடு வந்த தட்டையான வாயை அதன் மேல் நிறுத்திக் கோடு போட்டு, கத்தியால் அந்த வடிவத்துக்கே துளை எடுத்தேன். அந்த வாய் செங்குத்தாக நின்றால் கம்பியின் இடைவெளிக்குள் பெரும்பாலும் பொருந்திவிடுகிறது. பலகையின் ஓரங்களில் நுரை டேப் ஒட்டி, உட்பக்கமாகக் கம்பியில் எட்டு இடங்களில் கேபிள் டை போட்டு இழுத்துக் கட்டினேன். வெளிக்கதவுகள் இரண்டையும் சுவரை ஒட்டும்வரை திறந்து கொக்கி மாட்டினேன். இயந்திரத்தை ஜன்னலுக்கு நெருக்கமாக நகர்த்தியதால் குழாயைப் பாதியாகச் சுருக்க முடிந்தது. தொய்வும் வளைவும் இல்லை. கொசு வராமல் இருக்க வாயில் வலை கட்டியிருந்ததையும் அவிழ்த்துவிட்டேன், ஏனெனில் இரண்டு வாரத் தூசு அதில் கம்பளம் போலப் படிந்து காற்றை அடைத்திருந்தது.

நேற்று வெளியே 38 டிகிரி. இரண்டு மணிக்குப் போட்டேன், நான்கு மணிக்கு அறை 28.5. இரவு பதினொன்றுக்கு 26. மொட்டை மாடியின் சூடு தலைக்கு மேல் இருக்கும்வரை பிற்பகலில் இதற்குக் கீழே வராது என்றே நினைக்கிறேன்.

வைகைக்கரையான், மதுரை

நல்ல செய்தி. எனினும் அந்தக் குழாயையும் ஒருமுறை சுற்றித்தான் பாருங்களேன்.

அட்லாண்டிக் தமிழன், நியூ ஜெர்சி

இங்கே பெட்டியின் மேல் 14,000 பி.டி.யூ. என்று பெரிதாகவும், அதே இயந்திரத்துக்கு 10,000 என்று சிறிதாகவும் இரண்டு எண்களை அச்சிடுகிறார்கள். சிறிய எண், வெளிக்காற்று உள்ளே வருவதையும் குழாயின் சூட்டையும் கணக்கில் எடுத்து, அமெரிக்க எரிசக்தித் துறையின் முறைப்படி அளந்தது. முதல் எண்ணை நம்பி வாங்கி ஏமாந்த பிறகு, இரட்டைக் குழாய் உள்ளதாக மாற்றினேன். ஒரு குழாய் வெளிக்காற்றை இழுக்கிறது, மற்றொன்று அதையே சூடாக வெளியே தள்ளுகிறது. அறைக்காற்று அதில் கலப்பதில்லை. ஒற்றைக் குழாய் இயந்திரத்தின் பின்புறக் கீழ் வலையை அட்டைப்பெட்டியால் மூடி, இரண்டாவது குழாயைத் தாங்களே பொருத்திக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்.

சர்வீஸ் அண்ணாச்சி, தாம்பரம்

அதை நான் செய்யச் சொல்ல மாட்டேன். 27 டிகிரி அறைக்காற்றில் குளிரும்படி அமைத்த காயிலுக்கு 38 டிகிரிக் காற்றைக் கொடுத்தால், நீளமான குழாயின் தடையும் சேர்ந்து, மே மாதப் பிற்பகலில் கம்ப்ரெஸர் அழுத்தம் ஏறி நின்றுவிடக்கூடும். வாரண்டியும் போகும்.

அட்லாண்டிக் தமிழன், நியூ ஜெர்சி

என் நண்பர் இரண்டு கோடைகளாக அப்படியே ஓட்டுகிறார், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எங்கள் ஊர்ச் சூடு உங்கள் ஊர்ச் சூடு அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மேல்மாடி வாசி, வேளச்சேரி

எனக்கு அவ்வளவு துணிவில்லை. இப்போதைக்கு என் கவலை மழைதான். நேற்று மாலை பெய்த பத்து நிமிட மழையில் சாரல் குழாயின் வாய் வழியாக இறங்கி, இயந்திரத்தின் பின்புறம் தரையில் சொட்டியிருந்தது. வெளியே தகடு வைத்தால் காற்று மோதித் திரும்புமே என்று அஞ்சுகிறேன். காற்றுக்குத் தடையில்லாமல் சாரலை மட்டும் தடுக்க யாரேனும் ஏதாவது செய்திருந்தால், தகட்டை எவ்வளவு தூரம் தள்ளி வைத்தீர்கள் என்று சொல்லுங்கள்.