ஓடிக்கொண்டே சுடும் பாத்திரம்: `Additive`, `Mask` இரண்டுக்கும் சொல் வேண்டும்

முத்துக்குமரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

யூனிட்டி விளையாட்டுப் பொறி பற்றிய தமிழ்ப் பயிற்சிக் கையேட்டில் அசைவூட்ட அடுக்குகள் குறித்த இயலை எழுதிக்கொண்டிருக்கிறேன். எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு இது: பாத்திரம் ஓடுகிறது, கால்கள் நிற்காமலே துப்பாக்கியை உயர்த்திக் குறி பார்க்கிறது, சுடும்போது பின்னுதைப்பில் தோளும் கையும் அதிர்கின்றன. நிற்றல், நடை, ஓட்டம் ஒவ்வொன்றுக்கும் சுடும் அசைவைத் தனியாகச் செய்து மாளாது. அதனால் அடிப்படை அடுக்கில் ஓட்டத்தை வைத்து, அதன்மேல் வேறு அடுக்குகளை ஏற்றுகிறோம்.

ஒவ்வோர் அடுக்குக்கும் திரையில் `Weight`, `Mask`, `Blending` என்ற அமைப்புகள் இருக்கின்றன. `Blending` என்பதில் `Override`, `Additive` என இரண்டு தெரிவுகள். இப்போதைக்கு எடை, முகமூடி, மேலெழுதல், கூட்டு என்று எழுதியிருக்கிறேன். "முகமூடி" எனக்கே பிடிக்கவில்லை. மார்புக்கும் கைக்கும் போடுவதை முகமூடி என்று எப்படிச் சொல்வது? "கூட்டு அடுக்கு" என்பதைப் படிப்பவர், இரண்டு அடுக்குகள் ஒன்றாகச் சேர்ந்தது என்று எடுத்துக்கொள்வார். நல்ல சொற்களைச் சொல்லுங்கள்.

---

இராமநாதன் எழுதியது:

அன்பு முத்துக்குமரன்,

நம் புணர்ச்சி இலக்கணத்திலேயே இதற்கு வழி இருக்கிறது. தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்று விகாரங்கள். `Override` அடுக்கில் இருந்தது மறைந்து வேறொன்று வருகிறது, அது திரிதல். `Additive` அடுக்கில் இருந்தது அப்படியே இருக்க, புதியது ஒன்று வந்து சேர்கிறது, அது தோன்றல். ஆகவே திரிபு அடுக்கு, தோன்றல் அடுக்கு. இரண்டும் ஒரே குடும்பச் சொற்களாக அமைவதால் மாணவர் நினைவில் நிற்கும்.

இன்னொன்றும் தோன்றுகிறது. திரிபு அடுக்கு ஓட்டத்தை அழித்துவிடுகிறது என்றால் அதை ஏன் பயன்படுத்த வேண்டும்? குறிபார்த்தலையும் பின்னுதைப்பையும் தோன்றல் அடுக்கிலேயே வைத்துவிட்டால் ஓட்டமும் கெடாது, கற்பிக்க வேண்டிய சொல்லும் ஒன்று குறையும்.

---

தேன்மொழி எழுதியது:

ஐயா, சேர்க்கும்போது இருந்தது அழியாது என்று நீங்கள் சொன்னது சரி. ஆனால் குறிபார்த்தலை அந்த அடுக்கில் வைக்க முடியாது. ஓட்டத்தில் கைகள் முன்னும் பின்னும் வீசுகின்றன. அந்த வீச்சின்மேல் குறிபார்த்தலைச் சேர்த்தால் வீச்சு போகாது. துப்பாக்கி ஒவ்வோர் அடிக்கும் மேலும் கீழும் ஆடும். கைவீச்சு அழிய வேண்டும் என்பதால்தான் குறிபார்த்தலுக்கு `Override` தேவைப்படுகிறது, அதுவும் இடுப்புக்கு மேலே மட்டும். பின்னுதைப்பு அப்படியல்ல. ஏற்கெனவே குறிபார்த்து நிற்கும் கையைச் சிறிது அசைத்துவிட்டுப் போவது அது. அதற்கு `Additive` பொருந்தும். ஆக, ஓட்டத்துக்கு மேல் இரண்டு அடுக்குகள். வரிசையும் முக்கியம்: பட்டியலில் கீழே இருப்பது பின்னால் கணக்கிடப்படும். பின்னுதைப்பு அடுக்கைக் குறிபார்த்தலுக்கு முன்னால் வைத்தால், குறிபார்த்தல் வந்து அதைத் துடைத்துவிடும். சுடும்போது தோள் அசையவே அசையாது.

"தோன்றல்" எனக்கு உறுத்துவது வேறு காரணத்தால். இந்த அடுக்கு எதைச் சேர்க்கிறது என்பதுதான் மாணவர்கள் தடுக்கி விழும் இடம். அது தன் அசைவை அப்படியே கொண்டுவந்து சேர்ப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட தோற்றநிலையிலிருந்து தன் அசைவு எவ்வளவு விலகியிருக்கிறதோ, அந்த விலக்கத்தை மட்டும் சேர்க்கிறது. அந்தத் தோற்றநிலையை "ஒப்புநிலை" என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு இவ்வளவுதான்:

```
விலக்கம் = நேர்மாறு(ஒப்புநிலை) × பின்னுதைப்பு
முடிவு   = கீழடுக்கின் நிலை × விலக்கம்
```

முழங்கை மூட்டை மட்டும் எடுத்துப் பாருங்கள். குறிபார்க்கும்போது அது 90 பாகை மடங்கியிருக்கிறது. பின்னுதைப்பின் உச்சத்தில் 98 பாகை. ஒப்புநிலை குறிபார்க்கும் நிலையாக இருந்தால் விலக்கம் 8 பாகை. கீழடுக்கு தரும் 90உடன் 8 சேர்ந்து 98. நாம் விரும்பியது வந்துவிடுகிறது.

இனி வழக்கமாக நடக்கும் கோளாறு. அசைவூட்டக் கலைஞர்கள் பலர் துண்டின் 0ஆவது சட்டத்தில் கைகளை விரித்து நிற்கும் நிலையை வைத்துவிட்டு, 1ஆவது சட்டத்திலிருந்துதான் பின்னுதைப்பைத் தொடங்குவார்கள். அந்த 0ஆவது சட்டமே ஒப்புநிலையாகிவிட்டால், விரித்த கையில் முழங்கை மடக்கம் 0 என்பதால் விலக்கம் 98 ஆகிவிடும். 90உடன் 98 சேர்ந்து 188. முன்கை மேற்கைக்குள்ளேயே புகுந்து வெளியே வரும்.

கண்டுபிடிக்க எளிய சோதனை இருக்கிறது. பின்னுதைப்புத் துண்டை அதன் தொடக்கத்தில், அதாவது 1ஆவது சட்டத்தில், நிறுத்திவிட்டு அடுக்கின் `Weight` அளவை 0இலிருந்து 1க்கு நகர்த்துங்கள். பாத்திரம் ஒரு மயிரிழையும் அசையக் கூடாது. அசைந்தால் ஒப்புநிலை தவறு. துண்டின் இறக்குமதி அமைப்பில் `Additive Reference Pose` என்பதைத் தேர்ந்து, `Pose Frame` அளவை 1 என்று மாற்றினால் தீர்ந்தது.

இதனால்தான் "விலக்க அடுக்கு" என்று கேட்கிறேன். பெயரைப் படித்ததும் "எதிலிருந்து விலக்கம்?" என்ற கேள்வி எழும். அந்தக் கேள்வி எழுந்தாலே பாதிச் சிக்கல் வராது.

---

சஜீவன் எழுதியது:

வணக்கம் அண்ணா, அக்கா.

முகமூடிக்கு "மறைப்பு" என்று வைக்கலாமே. நான் யாழ்ப்பாணத்தில் கோடோவில் ஒரு சிறிய விளையாட்டுச் செய்கிறேன். என் பாத்திரம் மேற்சட்டை அணிந்து ஓடும்போது தோல் சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. சட்டைக்குள் இருக்கும் உடற்பகுதியை மறைத்த பின்தான் சரியானது. நீங்கள் சொல்லும் உடல் மறைப்பும் அதுதானே?

எடை பற்றியும் ஒரு சொல். எங்கள் பாடநூல்களில் அதற்கு "நிறை" என்றுதான் படித்தோம். கையேடு எங்களுக்கும் வரும் என்றால் அதையும் கவனியுங்கள்.

---

தேன்மொழி எழுதியது:

தம்பி சஜீவன், அது வேறு வேலை. நீங்கள் மறைத்தது கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பை. இங்கே எதுவும் கண்ணுக்கு மறைவதில்லை. எந்த எலும்புகளை இந்த அடுக்கு தொடலாம், எவற்றைத் தொடக் கூடாது என்ற அனுமதி மட்டும்தான். யூனிட்டியின் மனித உருவப் படத்தில் பச்சையாக இருக்கும் பகுதியை அடுக்கு தொடும், சிவப்பைத் தொடாது. "மறைப்பு" என்று எழுதினால், பச்சையாக்கிய பகுதி மறைக்கப்பட்டதா, திறக்கப்பட்டதா என்று படிப்பவர் குழம்புவார். நீங்கள் அந்தச் சொல்லைக் கேட்டதும் சட்டை நினைவுக்கு வந்ததே, எனக்கு அதுவே போதும்.

---

சஜீவன் எழுதியது:

அப்படியென்றால் எனக்கு அது தெரியும் அக்கா. கோடோவில் `AnimationTree` கணுக்களில் எந்த எலும்புத் தடங்கள் செல்லலாம் என்று குறிக்கும் இடத்தின் பெயரே `Edit Filters`. "உடல் வடிகட்டி" என்று சொல்லலாமா? எது போகலாம் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

ஆனால் என்னுடைய பழைய சிக்கல் ஒன்று இன்னும் தீரவில்லை. முதுகெலும்பிலிருந்து மேலே எல்லாவற்றையும் குறிபார்த்தலுக்குக் கொடுத்திருக்கிறேன், கைவீச்சும் போய்விட்டது. இருந்தும் ஓடும்போது துப்பாக்கி முனை இடமும் வலமும் ஆடுகிறது. வடிகட்டி வேலை செய்யவில்லையா?

---

தேன்மொழி எழுதியது:

வடிகட்டி வேலை செய்கிறது. ஆட்டம் வருவது இடுப்பிலிருந்து. ஒவ்வோர் எலும்பின் சுழற்சியும் அதன் தாய் எலும்பைப் பொறுத்துத்தான் பதிவாகியிருக்கிறது. முதுகெலும்புக்கு நீங்கள் குறிபார்க்கும் சுழற்சியைக் கொடுத்துவிட்டீர்கள். ஆனால் அது தொங்கிக்கொண்டிருப்பது ஓட்டத்தின் இடுப்பில். ஓடும்போது இடுப்பு ஒவ்வோர் அடிக்கும் இடமும் வலமும் திரும்பும். பக்கத்துக்கு 6 பாகை என்று வைத்தாலும், 10 மீட்டர் தொலைவில் குறி ஏறக்குறைய ஒரு மீட்டர் இடமும் ஒரு மீட்டர் வலமும் அலையும்.

உறுதிப்படுத்த, ஓட்டத் துண்டில் இடுப்புச் சுழற்சியை மட்டும் தற்காலிகமாக நிறுத்திப் பாருங்கள். ஆட்டம் நின்றால் காரணம் இதுதான். நிரந்தரமாக நிறுத்திவிடாதீர்கள், ஓட்டம் பலகையை நகர்த்துவதுபோல் விறைத்துப்போகும். அன்ரியலில் `Layered blend per bone` கணுவில் `Mesh Space Rotation Blend` என்பதைத் தேர்ந்தால், சுழற்சி தாய் எலும்பைப் பாராமல் முழு உருவத்தின் வெளியில் கணக்கிடப்படும்; இடுப்பு எப்படித் திரும்பினாலும் மார்பு நேரே நிற்கும். யூனிட்டியில் `Animation Rigging` தொகுப்பின் `Multi-Aim Constraint` கொண்டு முதுகெலும்பை இலக்கு நோக்கித் திருப்புகிறோம். கோடோவில் அசைவு கணக்கிடப்பட்ட பிறகு இடுப்பின் திருப்பத்துக்கு எதிராக முதுகெலும்பைத் திருப்பும் சிறு நிரலை எழுதலாம்.

"வடிகட்டி" எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரே குறை: வடிகட்டியில் ஒரு பகுதி தங்கும், ஒரு பகுதி இறங்கும், அடுக்கு தொடுவது எந்தப் பகுதியை என்று முதல் முறை சொல்லித்தான் ஆக வேண்டும். "உடல் வரம்பு" அந்தக் குறை இல்லாதது. அடுக்கு இந்த வரம்புக்குள் மட்டும் இயங்கும் என்று நேராகச் சொல்லிவிடுகிறது.

---

இராமநாதன் எழுதியது:

தேன்மொழி சொன்ன கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தேன். "ஒப்புநிலை" மிக நல்ல சொல். அதை அப்படியே ஏற்கலாம். `Override` அடுக்குக்குத் "திரிபு" வேண்டாம் என்றாலும் "மேலெழுதல்" கூடாது. கோப்பை மேலெழுதினால் பழையது திரும்பாது; இங்கே அடுக்கின் எடையைக் குறைத்தால் ஓட்டத்தின் கைவீச்சு மீண்டுவிடுகிறது. "பதிலீட்டு அடுக்கு" பொருந்தும்.

"விலக்க அடுக்கு" என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. விலக்குதல் என்றால் அகற்றுதல் என்றுதான் பெரும்பாலோர் படிப்பார்கள். மதுவிலக்கு, வரிவிலக்கு எல்லாம் அப்படித்தானே? சேர்க்கும் அடுக்குக்கு நீக்கும் பெயரை வைக்கலாமா? "கூட்டல் அடுக்கு" என்று வைத்துவிட்டு, கூட்டப்படுவது ஒப்புநிலையிலிருந்து உள்ள வேறுபாடு என்று முதல் பத்தியில் எழுதுங்கள்.

---

முத்துக்குமரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பதிலீட்டு அடுக்கு, ஒப்புநிலை, உடல் வரம்பு மூன்றையும் இயலில் சேர்த்துவிட்டேன். "விலக்கம்" பற்றி ஐயா எழுப்பிய தடை வலுவானது. புள்ளியியலில் திட்ட விலக்கம் என்று இருந்தாலும், அது தெரியாத மாணவரும் இந்த நூலைப் படிப்பார். இப்போதைக்கு "வேறுபாட்டுக் கூட்டல் அடுக்கு" என்று எழுதியிருக்கிறேன். நீளம்தான், இரண்டாம் முறை வரும் இடங்களில் எதைச் சுருக்குவது என்று முடிவு செய்யவில்லை. எடையா நிறையா என்பதும் சஜீவன் கேட்டபடி திறந்தே இருக்கிறது. புதிய அடுக்கின் `Weight` தொடக்கத்தில் 0ஆக இருப்பதால் "அடுக்கு வேலை செய்யவில்லை" என்று எல்லோரும் முதலில் தேடி வரும் சொல்லே அதுதான். ஆகையால் இரு நாட்டு வாசகருக்கும் அது புரிந்தாக வேண்டும்.

தேன்மொழி, உங்களிடம் ஒரு கேள்வி மிச்சம். யூனிட்டியின் வரம்பில் ஓர் எலும்பு உள்ளே அல்லது வெளியே என்பதுதான், நடுநிலை இல்லை. அதனால் கீழ் முதுகில் ஓட்டமும் குறிபார்த்தலும் சட்டென்று முறிந்து இடுப்பில் மடிப்புத் தெரிகிறது. கீழ் முதுகெலும்பை மட்டும் கொண்ட இன்னொரு பதிலீட்டு அடுக்கை 0.5 அளவில் வைத்துப் பார்த்தேன், மடிப்புக் குறைந்தது. அன்ரியலில் `Blend Depth` இதைத்தான் எலும்பு எலும்பாகப் படிப்படியாகச் செய்கிறது. அந்தப் படிப்படியான மாற்றத்துக்கு என்ன சொல் வைக்கலாம்?