கொழிஞ்சாம்பாறை வீட்டுக்காரருக்கு ஒரு மின்னஞ்சல்

குழு: நம் குடும்பம், மூணாறு

தேவி: எல்லோருக்கும் வணக்கம். இன்று, மே 28, பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை வீட்டில் பால் காய்ச்சிவிட்டேன். ஜூன் 1 பள்ளி திறக்கிறது. வீட்டுக்காரர் மும்பையில் மகனோடு இருக்கிறார், நான் அவரைப் பார்த்ததே இல்லை. அட்வான்ஸை வாங்கிச் சாவி கொடுத்தவர் அவருடைய மைத்துனர். வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் இப்படி எழுதியிருக்கிறேன், சரியா?

“வணக்கம் சார். நான் தேவி. உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டேன். படுக்கையறைக் கூரையில் ஒழுகிய கறை இருக்கிறது, சரிசெய்து தர வேண்டும். நன்றி.”

முருகன் மாமா: அட்வான்ஸைத் திருப்பித் தரமாட்டேன் என்கிறாரா? கோயம்புத்தூரில் எனக்கும் இதே கதைதான் நடந்தது. சுவரில் ஆணி அடித்த ஓட்டைகளுக்காக 4,000 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். நான் குடிபோன அன்றே அந்த ஓட்டைகள் இருந்தன!

தேவி: இல்லை மாமா, இன்றுதான் குடிவந்தேன். அறிமுகக் கடிதம் எழுதுகிறேன்.

பெரியப்பா: மின்னஞ்சல் எதற்கம்மா? 11 மாத ஒப்பந்தம்தானே போட்டிருக்கிறாய்? அதைப் பதிவு செய்ய வேண்டாம், அதனால் அதற்கு மதிப்பும் கிடையாது. பதிவு செய்யச் சொல், எல்லாம் சரியாகிவிடும்.

வசந்தா சித்தி: அத்தான், பதிவு வேண்டாம் என்பது சரி. ஓராண்டுக்கு மேற்பட்ட வாடகைக்குத்தான் பதிவு கட்டாயம், அதனால்தான் எல்லோரும் 11 மாதம் எழுதுகிறார்கள். அதற்காக இருவரும் கையெழுத்திட்ட தாளுக்கு மதிப்பில்லை என்று ஆகிவிடாது. ஆனால் கூரையில் கறை இருந்தது, மீட்டர் இந்த எண்ணில் நின்றது என்றெல்லாம் ஒப்பந்தத்தில் யாரும் எழுதுவதில்லை. மாமாவுக்கு 4,000 ரூபாய் போனது அங்கேதான்.

முருகன் மாமா: உண்மை. ஒரு படம்கூட என்னிடம் இல்லை.

வசந்தா சித்தி: தேவி, அவருக்கு நீ வெறும் பெயர்தான். எந்த வீடு, யார் மூலம் வந்தாய், என்ன வேலை, உன்னோடு யார் இருக்கிறார்கள் என்பதை முதல் மூன்று வரிகளில் சொல்லிவிடு. வெளியூரில் இருப்பவருக்கு வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கவலைதான் முதலில் வரும். மீட்டரைப் பார்த்தாயா?

தேவி: 4312.

வசந்தா சித்தி: கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும். அடுத்த பில்லில் முன்பு இருந்தவர்களின் யூனிட்டும் உன்னுடையதும் சேர்ந்திருக்கும். போன பில் எந்த ரீடிங்கில் முடிந்தது?

தேவி: மைத்துனர் கொடுத்த பில்லில் 4180.

வசந்தா சித்தி: அப்படியானால் 132 யூனிட் அவர்களுடையது. அடுத்த ரீடிங் 4352 என்று வந்தால் உன்னுடையது 40 தான், மொத்தம் 172. பாதிப் பாதி கட்டச் சொன்னால் 86 யூனிட்டுக்கு நீ கட்டுவாய். இன்றைய எண் எழுத்தில் இருந்தால் அந்தப் பேச்சே வராது. மீட்டரைப் படமெடுத்து இணைத்துவிடு.

கார்த்தி அண்ணன்: முதல் கடிதத்திலேயே கறையைப் பற்றி எழுதாதே தேவி. வந்தவுடனே குறை சொல்கிறாள் என்று நினைப்பார். ஒரு மாதம் போகட்டும்.

வசந்தா சித்தி: ஒரு மாதத்தில் மழை இறங்கிவிடும் கார்த்தி. அப்புறம் பழைய கறை எது, புதிய ஒழுகல் எது என்று யார் சொல்வது? கேட்க வேண்டாம், கண்டதை மட்டும் எழுதட்டும்.

பெரியப்பா: ‘சார்’ வேண்டாம் அம்மா. அவரும் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துத் தமிழர் என்றாயே. நீ தமிழ் ஆசிரியை, ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று எழுது.

தேவி: இதைப் பாருங்கள். தலைப்பில் “கொழிஞ்சாம்பாறை வீடு, மாடிப் பகுதி: மே 28 குடிவந்தது” என்று போட்டிருக்கிறேன்.

“மதிப்பிற்குரிய ஐயா,
வணக்கம். உங்கள் வீட்டின் மாடிப் பகுதிக்கு இன்று குடிவந்திருக்கும் தேவி நான். சொந்த ஊர் மூணாறு. இங்குள்ள பள்ளியில் தமிழ் ஆசிரியையாகச் சேர்ந்திருக்கிறேன். வீட்டில் நானும் என் அம்மாவும் மட்டும் இருப்போம். அட்வான்ஸ் தொகையை உங்கள் மைத்துனரிடம் கொடுத்துச் சாவி இரண்டும் பெற்றுக்கொண்டேன்.
இன்றைய மின்மீட்டர் ரீடிங் 4312. படுக்கையறைக் கூரையின் மூலையில் பழைய நீர்க்கறை ஒன்று இருக்கிறது. இரண்டின் படங்களையும் இணைத்திருக்கிறேன். வாடகையை எந்தக் கணக்கில் செலுத்த வேண்டும் என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.
அன்புடன்,
தேவி”

வசந்தா சித்தி: அட்வான்ஸ் எவ்வளவு என்று எண்ணில் போடு. ‘தொகை’ என்றால் எந்தத் தொகை? பணம் உன் கையிலிருந்து மைத்துனர் கைக்குப் போயிருக்கிறது. அவர் பதிலில் ‘சரி’ என்று ஒரு சொல் எழுதினாலும் அது ரசீது மாதிரி. தொலைபேசி எண்ணையும் சேர்.

தேவி: 30,000 என்று சேர்த்துவிட்டேன், எண்ணும் போட்டாயிற்று. அனுப்பிவிட்டேன்.

கார்த்தி அண்ணன்: கறை வரி மட்டும் எனக்கு இன்னும் ஒப்பவில்லை.

முருகன் மாமா: எனக்கு ஒப்புகிறது. தேவி, முதல் மழை பெய்த மறுநாள் அதே மூலையை இன்னொரு படம் எடுத்துவை.