மாத்திரை அட்டையில் எந்த நாள் விட்டால் வம்பு?

கிராமச் செவிலியர்: போன மாதம் ஒரு பெண் வந்தார், மாலா-டி கருத்தடை மாத்திரை ஒழுங்காகப் போடுகிறவர். அட்டையில் 21 ஹார்மோன் மாத்திரை, அப்புறம் 7 இரும்புச்சத்து மாத்திரை. அந்த ஏழும் முடிந்த நேரம் அம்மா வீட்டில் விசேஷம், புது அட்டையை மூன்று நாள் கழித்துத்தான் தொடங்கியிருக்கிறார். "நடுவில ஒரு நாள்கூட விடல சிஸ்டர், தூரமும் ஆயிடுச்சு, பயமில்லல்ல?" என்றார். எனக்குப் பயம் அந்த மூன்று நாளில்தான். உங்களிடம் இப்படி யாராவது வந்ததுண்டா?

மருந்துக்கடைக்காரர்: எங்கள் கடையில் கேட்பவர்களிடம் நடுவில் விடாதீர்கள் என்றுதான் சொல்வேன். 14ஆம் நாள்தானே முட்டை வரும்? தொடக்கத்தில் ரெண்டு மூணு நாள் தள்ளினால் பரவாயில்லை.

மகப்பேறு மருத்துவர்: அண்ணா, 14ஆம் நாள் கணக்கு மாத்திரை போடாதவர்களுக்கு. போடும் வரை மூளைக்குக் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அடங்கியே இருக்கும், சினைப்பையில் முட்டையைச் சுமக்கும் நுண்ணறை வளராது. இரும்பு மாத்திரை நாட்களில் அந்தத் தடை விலகுவதால் நுண்ணறையை வளர்க்கும் பிட்யூட்டரி ஹார்மோன் எஃப்எஸ்ஹெச் ஏறத் தொடங்கும், சிலருக்கு ஏழாம் நாளே ஸ்கேனில் 10 மி.மீ. நுண்ணறை தெரியும். எட்டாம் நாள் புது மாத்திரை உள்ளே போனால் பெரும்பாலும் அடங்கிவிடும். தள்ளிப்போனால் அது வளர்ந்து தானே ஈஸ்ட்ரோஜன் சுரக்கும், அந்த அளவு உயர்ந்து இரண்டு நாள் போல நீடித்தால் அதுவரை அடக்கிவைத்த அதே ஈஸ்ட்ரோஜனே பிட்யூட்டரியை முட்டையை வெளியேற்றும் எல்ஹெச் ஹார்மோனைக் கொட்ட வைக்கும், ஒன்றரை நாளில் முட்டை வெளியே வந்துவிடும். நடுவில் ஒரே ஒரு மாத்திரை விட்டால் இவ்வளவும் நடக்க நேரம் போதாது.

நர்சிங் மாணவி: மேடம், மாத்திரையிலும் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறதே, அது ஏன் எல்ஹெச்சைக் கிளப்பாது? வைவாவில் இதைத்தான் கேட்டார்கள்.

மகப்பேறு மருத்துவர்: கூடவே முதல் நாளிலிருந்து புரோஜெஸ்டிரோன் போல வேலை செய்யும் லெவோநார்ஜெஸ்ட்ரல் இருக்கிறதே. மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிக்கு அனுப்பும் ஹார்மோன் துடிப்பை அது மெதுவாக்கிவிடும், எல்ஹெச் பொங்கி எழ முடியாது. இயற்கைச் சுழற்சியில் முட்டை வரும்வரை புரோஜெஸ்டிரோன் மிகக் குறைவு, அதனால்தான் அங்கே பொங்குகிறது.

இல்லத்தரசி: எனக்கு பிசிஓஎஸ், தூரம் வர மூன்று மாதம்கூட ஆகும். இந்த மாத்திரை போட்டால் மாதாமாதம் வருகிறது, அப்படியென்றால் முட்டையும் வருகிறதுதானே?

மகப்பேறு மருத்துவர்: இல்லைம்மா. ஹார்மோன் நின்றதும் கருப்பையின் உள்சவ்வு உதிர்கிறது, அவ்வளவுதான். குழந்தைக்குப் பார்க்கிறீர்கள் என்றால் அது வேறு சிகிச்சை, நேரில் காட்டுங்கள்.

மருந்துக்கடைக்காரர்: சரி, அப்போ கடைசி வாரத்தில் விட்டால்?

கிராமச் செவிலியர்: ரெண்டு மூணு விட்டிருந்தால் இரும்பு மாத்திரையைத் தொடாமல் நேராகப் புது அட்டைக்குப் போகச் சொல்லுவோம், இல்லாவிட்டால் இடைவெளி நீண்டுவிடும். அந்தப் பெண்ணை ஏழு நாள் விடாமல் மாத்திரை போடச் சொல்லி, அதுவரைக்கும் நிரோத் கொடுத்தேன். விசேஷ வீட்டுக்குக் கணவரும் போயிருக்கிறார், வந்து பத்து நாள் ஆகியிருந்ததால் அவசர மாத்திரைக்கும் நேரம் கடந்துவிட்டது. மூன்று வாரம் ஆனதும் சிறுநீர்ப் பரிசோதனைக்கு வரச் சொன்னேன், இன்னும் வரவில்லை. நாளை அந்தத் தெருப் பக்கம் போகிறேன்.