நிறைவேற்றாளர் கணக்கா, பேராள் கணக்கா? காசிமேட்டு ஐஸ் கம்பெனி ஒன்றை முன்வைத்து

பூங்கொடி, ராயபுரம்:

அன்புடையீர், சிறு வணிகர்களுக்கான கணக்கியல் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். கூட்டாளி ஒருவர் இறந்தால் அவருக்குச் சேர வேண்டிய தொகையை மாற்றி வைக்கும் எக்ஸிகியூட்டர்ஸ் அக்கவுண்ட் என்பதற்கு ‘நிறைவேற்றாளர் கணக்கு’ என்றே எழுதி வந்தேன். காசிமேட்டில் ஐஸ் பார் வியாபாரம் செய்யும் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தபோது, “எதை நிறைவேற்றினவர் கணக்கு அம்மா?” என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. அவருடைய கூட்டாளி ஒருவர் சென்ற ஜூன் 30ஆம் நாள் இறந்துவிட்டார். உயில் எதுவும் இல்லை. கூட்டாளிகள் எல்லார் உயிருக்கும் சேர்த்து எடுத்த கூட்டு ஆயுள் பாலிசி ஒன்றின் பணமும் கணக்கில் வருகிறது. உயில் இல்லாத இடத்தில் இந்தச் சொல் பொருந்துமா?

தணிகாசலம், தண்டையார்பேட்டை:

ஓய்வுபெற்ற தமிழாசிரியன் என்ற முறையில் சொல்கிறேன். ‘வாரிசுக் கணக்கு’ என்பதே போதும், எல்லார்க்கும் விளங்கும். கூட்டு ஆயுள் பாலிசிப் பணம் இறந்தவர் உயிருக்காக வருவது. ஆகவே அது முழுவதும் அவர் குடும்பத்துக்கே போகும். போகிற இடத்தைச் சொல்லும் பெயர்தான் பொருத்தமான பெயர்.

இஸ்மாயில், மண்ணடி:

ஐயா சொல்வதில் பாதிதான் சரி. வாரிசு என்ற சொல் எல்லார்க்கும் விளங்கும் என்பதை ஏற்கிறேன். ஆனால் பாலிசிப் பணம் முழுவதும் குடும்பத்துக்குப் போவதில்லை. கூட்டு ஆயுள் பாலிசியை எடுப்பது நிறுவனம். பிரீமியம் கட்டுவதும் நிறுவனத்தின் பணம். கூட்டாளிகளில் யார் முதலில் இறந்தாலும் தொகை நிறுவனத்துக்கு வந்து, ஒப்பந்தம் வேறாகச் சொல்லாதவரை, இறந்தவர் உட்பட எல்லாரும் பழைய இலாபப் பகிர்வு விகிதத்தில் அதைப் பிரித்துக்கொள்கிறார்கள். இறந்தவர் குடும்பத்துக்குப் பெருந்தொகை ஒன்றைக் கொடுக்க வேண்டி வரும்போது வியாபாரம் முடங்காமல் இருப்பதற்காகவே அந்தப் பாலிசி எடுக்கப்படுகிறது.

காசிமேட்டுக் கணக்கின் விவரங்களை பூங்கொடி அம்மையார் எனக்குத் தனியே அனுப்பினார். புரிவதற்காக முழு எண்களாக்கித் தருகிறேன். மூன்று கூட்டாளிகளின் விகிதம் 3:2:1. இறந்தவர் இரண்டாமவர், அவர் பங்கு மூன்றில் ஒன்று. பாலிசி 6,00,000 ரூபாய். பிரீமியத்தை ஆண்டுதோறும் செலவாகவே எழுதியிருந்தால் 6,00,000 முழுவதும் பிரிபடும், இறந்தவருக்கு 2,00,000. சிலர் பாலிசியை, இடையில் நிறுத்தினால் திரும்பக் கிடைக்கும் சரண்டர் மதிப்பில் சொத்தாகக் காட்டி வருவார்கள். அந்த மதிப்பு 1,20,000 என்று இருந்தால், மிகுதியான 4,80,000 மட்டுமே பிரிபடும், இறந்தவருக்கு 1,60,000. அவர் ஏமாற்றப்பட்டார் என்று இதற்குப் பொருளில்லை. சொத்தாகக் காட்டிய அளவுக்கு முந்தைய ஆண்டுகளின் செலவு குறைந்து, அந்த இலாபம் அவர் மூலதனத்தில் ஏற்கெனவே ஏறியிருக்கிறது. இதில் தவறு நேர்ந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. பணம் வந்து பிரித்து முடித்த பிறகு பேரேட்டில் பாலிசிக் கணக்கின் இருப்பு சுழியமாக வேண்டும். அங்கே 1,20,000 பற்றாகத் தொங்கினால், அந்தத் தொகையை இரண்டு முறை பகிர்ந்துவிட்டார்கள் என்று அறிக. இந்த நிறுவனம் பிரீமியத்தைச் செலவாக எழுதியது. ஆகவே இறந்தவருக்கு 2,00,000.

சச்சரவு எழுந்தது பாலிசியில் அல்ல, இறந்த நாள் வரைக்குமான இலாபத்தில். சென்ற ஆண்டு விற்பனை 96,00,000; இலாபம் 7,20,000. காலத்தை அடிப்படையாகக் கொண்டால் ஏப்ரல் முதல் ஜூன் வரை மூன்று மாதத்துக்கு 1,80,000, அதில் இறந்தவர் பங்கு 60,000. ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப் படகும் ஃபைபர் படகும் வாங்குகிற ஐஸ்தான் விற்கும். அந்த மூன்று மாத விற்பனை வெறும் 8,00,000. விற்பனையை அடிப்படையாகக் கொண்டு சென்ற ஆண்டின் ஏழரை விழுக்காட்டைப் போட்டால் இலாபம் 60,000, இறந்தவர் பங்கு 20,000. இரு முறைகளுக்கும் இடையே 40,000 ரூபாய் வேறுபாடு.

எந்த முறை என்பதை ஒப்பந்தப் பத்திரம் சொல்ல வேண்டும். இவர்கள் பத்திரம் விற்பனையின்படி என்று சொல்கிறது. அதுவும் முழு உண்மையைத் தந்துவிடாது என்பது என் கருத்து. படகு போகாவிட்டாலும் மின் இணைப்புக்கான நிலைக்கட்டணமும் ஆள் சம்பளமும் நிற்பதில்லை. அந்தக் காலாண்டில் ஏழரை விழுக்காடு கிடைத்திருக்குமா என்பதே ஐயம்.

கலாவதி, திருவொற்றியூர்:

என் அப்பா இறந்தபோது அவருடைய ஆயுள் காப்பீட்டில் நான்தான் நாமினி. பணம் என் கைக்கே வந்தது. அப்படியானால் ‘நாமினி கணக்கு’ என்று வைத்தால் என்ன? இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்பா கூட்டாளியாக இருந்த கடையில் ஒரு தாளை நீட்டி, நிறைவேற்றாளர் என்று அச்சிட்ட இடத்தில் என்னைக் கையெழுத்திடச் சொன்னார்கள். உயிலே இல்லையே என்றேன். தாசில்தார் தந்த வாரிசுச் சான்றிதழைக் காட்டினேன். தாளில் இடம் அப்படித்தான் இருக்கிறது, போடுங்கள் என்றார்கள். என் தம்பிகள் இருவரும் அதன்பின் ஓராண்டு என்னோடு பேசவில்லை.

இஸ்மாயில், மண்ணடி:

அம்மா, உங்கள் அப்பாவின் பாலிசி அவர் தனியாக எடுத்தது. இங்கே பேசுவது நிறுவனம் எடுத்ததைப் பற்றி. நாமினி என்ற பெயர் இதற்கு ஒட்டாது. ஆனால் உங்கள் கையெழுத்துக் கதை, சொல் எவ்வளவு தொல்லை தரும் என்பதைக் காட்டிவிட்டது. எக்ஸிகியூட்டர் என்பவர் உயிலில் பெயர் குறிக்கப்பட்டவர். உயில் இல்லையெனில் அப்படி ஒருவர் இல்லை. நீதிமன்றம் நியமிக்கும் நிர்வாகியோ வாரிசுகளோதான் இருப்பார்கள். ‘வாரிசுக் கணக்கு’ என்றால், உயிலில் வேறொருவருக்கு எழுதி வைத்த இடத்தில் தவறாகிவிடும். எங்கள் பக்கத்துப் பழைய குமாஸ்தாக்கள் ‘இன்னார் வகைப் பாக்கி’ என்று எழுதுவார்கள். யார் வாங்கினாலும் பொருந்தும், ஆனால் பாடநூலில் ஏறாது.

பூங்கொடி, ராயபுரம்:

உயில்வழி வந்தவர், நீதிமன்றம் நியமித்தவர், வாரிசு ஆகிய மூவரையும் அடக்க ‘பேராள்’ என்பதை எடுத்து, ‘மறைந்த கூட்டாளி பேராள் கணக்கு’ என்று முன்மொழிகிறேன். கணக்கில் இட்டுப் பார்த்தேன். மூலதனம் 5,00,000, இலாபப் பங்கு 20,000, பாலிசிப் பங்கு 2,00,000 ஆகியவற்றின் கூட்டுத்தொகையில் அவர் எடுத்திருந்த 40,000 கழிய, 6,80,000 பேராள் கணக்கில் வரவாகிறது. நற்பெயரின் மதிப்பை இன்னும் முடிவு செய்யவில்லை. ஜூலை 1ஆம் நாள் 80,000 கொடுத்துவிட்டார்கள். மீதி 6,00,000க்கு வட்டி பற்றிப் பத்திரத்தில் பேச்சில்லை.

இஸ்மாயில், மண்ணடி:

அங்கே 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 37ஆம் பிரிவு வரும். கணக்குத் தீர்க்காமல் மற்றவர்கள் வியாபாரத்தைத் தொடர்ந்தால், ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டியையோ, அந்தப் பணத்தைப் பயன்படுத்தியதால் கிடைத்த இலாபத்தின் பங்கையோ பேராள் தேர்ந்துகொள்ளலாம். வட்டி என்றால் மார்ச் 31 வரை ஒன்பது மாதத்துக்கு 27,000; இருப்பு 6,27,000. தடைக்காலம் கழிந்த ஒன்பது மாதங்கள் ஐஸுக்கு நல்ல மாதங்கள். குடும்பத்தார் இரண்டையும் கணக்கிட்டுப் பார்த்துவிட்டுக் கேட்பது நல்லது. ‘பேராள்’ எனக்குச் சம்மதமே.

தணிகாசலம், தண்டையார்பேட்டை:

பாலிசி பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் பேராள் என்றால் மாநாட்டுக்குப் போகிறவர் என்றுதான் படிப்பவர் எண்ணுவார். ‘உரியவர் கணக்கு’ என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

பூங்கொடி, ராயபுரம்:

‘உரியவர்’ என்றால் அந்தப் பணம் அவருக்கே சொந்தம் என்றாகிவிடும் ஐயா. கலாவதி அம்மையாரின் தம்பிகள் கோபித்துக்கொண்டதும் அதற்காகத்தானே. பேராள் வாங்கிப் பிறருக்குக் கொடுக்க வேண்டியவர். கையேட்டின் மெய்ப்பில் இப்போதைக்குப் ‘பேராள் கணக்கு’ என்று இட்டு, காசிமேட்டுக்காரரிடம் மீண்டும் காட்டப் போகிறேன். அவர் என்ன கேட்கிறார் என்று எழுதுகிறேன்.