உதவி: "பத்திக்கு ஒரு கருத்து, அதை முதல் வரியில் சொல்" என்றால் எப்படி எழுதுவது? (அவசரம்)

வளவு_வீடு:
வணக்கம். அறிக்கை ஒன்று எழுதிக் கொடுத்தேன், திரும்பி வந்துவிட்டது. ஓரத்தில் "இந்தப் பத்தி என்ன சொல்கிறது?" என்று பல இடங்களில் கேள்விக்குறி. பத்திக்கு ஒரு கருத்து வேண்டும், அது முதல் வரியிலேயே தெரிய வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். மாதிரி வரிகள் இருந்தால் போடுங்கள்.

காரைக்குடி_கணக்கர்:
என்ன அறிக்கை? யார் படிப்பது? இது தெரியாமல் மாதிரி வரி கேட்டால் என்னத்தைப் போடுவது?

பிழைதிருத்தி_அக்கா:
கேள்விக்குறி போட்ட பத்தி ஒன்றை அப்படியே போடுங்கள் தம்பி. மாற்றாமல்.

முதுகலைத்தமிழ்:
எட்டாம் வகுப்புக் கட்டுரைப் பாடத்தை ஒழுங்காகக் கவனித்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. "இப்பத்தியில் இன்ன பொருள் குறித்துக் காண்போம்" என்று தொடங்குங்கள். அவ்வளவுதான் விஷயம். இங்கே இதைப் பலமுறை சொல்லிவிட்டேன்.

வளவு_வீடு:
மன்னிக்கவும், வேலை அவசரத்தில் விட்டுப்போயிற்று. எங்கள் பொது வீட்டின் நிலை பற்றிய அறிக்கை. பங்காளிகள் எல்லோரும் படித்துவிட்டு எந்த வேலைக்குப் பணம் ஒதுக்குவது என்று முடிவு செய்வார்கள். பாதிப் பேர் வெளியூர், வீட்டை நேரில் பார்த்துப் பல வருஷம் ஆயிற்று. பத்தி இது:

"இரண்டாம் கட்டு ஆய்வு செய்யப்பட்டது. வடக்குத் தாழ்வாரத்தில் நாட்டு ஓடுகள் சில உடைந்து மழைநீர் இறங்குகிறது. வடக்குச் சுவரில் முன்பு போட்ட சிமெண்ட் பூச்சு உப்புப் பூத்து உதிர்கிறது. மேலும் தேக்குத் தூண்கள் நல்ல நிலையில் உள்ளன, ஒன்றின் அடியில் மட்டும் கரையான் தடம் உள்ளது. முற்றத்து நீர் வெளியேறும் கால்வாய் அடைபட்டிருக்கிறது. மேலும் பழைய ஓடுகள் கிடைப்பது அரிதாகிவிட்டது. ஐப்பசிக்குள் வேலையை முடிப்பது நல்லது."

தேவகோட்டை_டைல்ஸ்:
எங்கள் வீட்டு முகப்பிலும் ஆத்தங்குடிக் கல் நிறம் மங்கிவிட்டது. தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைக்கலாமா? யாராவது சொல்லுங்கள்.

பிழைதிருத்தி_அக்கா:
தம்பி, உங்கள் முதல் வரி நீங்கள் செய்த வேலையைச் சொல்கிறது, கண்டுபிடித்ததைச் சொல்லவில்லை. "ஆய்வு செய்யப்பட்டது" என்று வெளியூர்ப் பங்காளியிடம் சொன்னால் "சரி, அப்புறம்?" என்றுதான் கேட்பார். முதுகலைத்தமிழ் ஐயா தந்த வரியும் அப்படித்தான், அது தலைப்புக்குக் காலும் கையும் வைத்த மாதிரி. முதல் வரி ஒரு தீர்ப்பாக இருக்க வேண்டும். "எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று படிப்பவர் கேட்கும்படி இருக்க வேண்டும். கீழே வரும் வரிகள் எல்லாம் அந்தக் கேள்விக்குப் பதிலாக அமைய வேண்டும்.

இரண்டு இடத்தில் "மேலும்" போட்டிருக்கிறீர்கள். அந்த இடங்களைப் பாருங்கள். முன் வரியோடு ஒட்டாத விஷயம் வரும்போதுதான் அந்தச் சொல்லைப் போட்டு ஒட்டுகிறோம்.

எழுதுவதற்கு முன் ஒன்று சொல்லுங்கள். வடக்குச் சுவரில் ஈரக்கறை மேலிருந்து கீழே தொடர்ச்சியாக இருக்கிறதா, அடியில் மட்டுமா?

காரைக்குடி_கணக்கர்:
அக்கா, அவர் கேட்டது எழுத்து. நீங்கள் கொத்தனார் மாதிரிக் கேட்கிறீர்கள்.

பிழைதிருத்தி_அக்கா:
தொடர்ச்சி என்றால் ஒரே நோய், ஒரே பத்தி. இல்லையென்றால் இரண்டு. அது தெரியாமல் முதல் வரி எழுதினால் அழகாக இருக்கும், பொய்யாகவும் இருக்கும்.

வளவு_வீடு:
போய்ப் பார்த்தேன். அடியில் இடுப்பு உயரம் வரை உப்பும் ஈரமும். நடுவில் சுவர் காய்ந்திருக்கிறது. மேலே உடைந்த ஓட்டுக்கு நேர் கீழே மட்டும் தனியாக ஒரு கறை.

பிழைதிருத்தி_அக்கா:
அப்படியென்றால் இரண்டு. தூண் மூன்றாவது. முதல் வரிகள் இப்படி இருக்கலாம்:

"வடக்குத் தாழ்வாரத்தில் உடைந்த ஓடுகளை ஐப்பசி மழைக்கு முன் மாற்ற வேண்டும்." இதன் கீழே மேல் கறை வரும். பழைய ஓடு கிடைப்பது அரிது என்ற வரியும் இங்கேதான் சேரும், இப்போதே தேட வேண்டும் என்பதற்கு அது காரணம். அனாதையாகக் கிடந்த வரிக்கு வீடு கிடைத்துவிட்டது பாருங்கள்.

"வடக்குச் சுவரின் அடிப்பகுதி உலர வழியில்லாமல் இருக்கிறது." கீழே கால்வாய் அடைப்பு, இடுப்பு உயர உப்பு, சிமெண்ட் பூச்சு.

"தூண்களில் ஒன்றுக்கு மட்டுமே சிகிச்சை தேவை." கீழே கரையான் தடம்.

ஒரு எச்சரிக்கை. "கூரை பழுதாகிவிட்டது" என்று எழுதிவிடாதீர்கள். நீங்கள் பார்த்தது வடக்குத் தாழ்வாரம் மட்டும். முதல் வரி சான்றைவிடப் பெரிதாக இருந்தால் கூட்டத்தில் ஒரு பெரியப்பா போதும், அறிக்கை முழுவதையும் சந்தேகப்பட.

மேலச்சிவபுரி_வாசகன்:
முதல் வரி விதியே மேலைநாட்டுப் பள்ளிப் பழக்கம். 1974-ல் ரிச்சர்ட் பிராடக் என்பவர் அமெரிக்கப் பத்திரிகைக் கட்டுரைகளை எண்ணிப் பார்த்தார். சுமார் 13 சதவீதப் பத்திகள்தான் அப்படித் தொடங்கின. தேர்ந்த எழுத்தாளர்களே பின்பற்றாத விதி இது.

பிழைதிருத்தி_அக்கா:
எண் சரி. அவர் எடுத்தது ஓய்வாகப் படிக்கிற கட்டுரைகள். பணம் ஒதுக்கப் போகிறவர் பாதிப் பத்தியை விட்டுவிட்டுத்தான் படிப்பார். ஆனால் நீங்கள் சொல்வதில் பாதி எனக்கும் சம்மதம்: இடம் தெரியாத வாசகருக்கு "இரண்டாம் கட்டு முற்றத்தைச் சுற்றி நான்கு தாழ்வாரங்கள் உண்டு" என்று ஒரு வரி முன்னால் வந்து, தீர்ப்பு இரண்டாவதாக வந்தாலும் குறையில்லை.

தமிழில் இன்னொரு சிக்கல், வினை கடைசியில் வரும். "ஓடுகள் உடைந்து நீர் இறங்கிச் சுவர் நனைந்து பூச்சு உதிர்ந்து வருவதால்..." என்று நீட்டினால் தீர்ப்பு ஐந்தாவது மூச்சில்தான் வரும். காரணத்தை வெட்டிக் கீழே தள்ளிவிட்டு, முதல் வரியைக் குட்டையாக நிறுத்துங்கள்.

முதுகலைத்தமிழ்:
நான் சொன்னதையே நீட்டிச் சொல்கிறார்கள்.

கொத்து_மேஸ்திரி:
எழுத்து எனக்குத் தெரியாது. சிமெண்டைக் குற்றவாளி ஆக்குவதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். கால்வாயை எடுத்துவிட்டால் சிமெண்ட் பூச்சும் நிற்கும்.

மேலச்சிவபுரி_வாசகன்:
சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும் மேஸ்திரி. சிமெண்ட் ஈரத்தை உள்ளே அடைத்துவிடும், உப்பு பின்னாலிருந்து பூச்சைத் தள்ளும்.

கொத்து_மேஸ்திரி:
கடுக்காய் ஊறவைத்துச் சுண்ணாம்பு அரைத்துப் பூச இன்றைக்கு ஆள் எங்கே? கூலியைப் பங்காளிகள் கொடுப்பார்களா?

பிழைதிருத்தி_அக்கா:
இந்தச் சண்டையே உபயோகமானது. "அடிப்பகுதி உலர வழியில்லை" என்பதில் நீங்கள் இருவரும் ஒத்துப்போகிறீர்கள். என்ன பூசுவது என்பதில்தான் இல்லை. ஆகவே அது தனிப் பத்தி, "பூச்சு பற்றி இரண்டு கருத்து உண்டு, பங்காளிகள் முடிவு செய்ய வேண்டும்" என்று தொடங்கலாம்.

வளவு_வீடு:
நான்கு பத்தியாகப் பிரித்து அனுப்பிவிட்டேன், கேள்விக்குறி இல்லாமல் வந்தது. நன்றி அக்கா. செலவு எங்கே என்று மட்டும் கேட்கிறார்கள். ஒவ்வொரு பத்தியின் கடைசியிலா, தனிப் பத்தியா?

காரைக்குடி_கணக்கர்:
தனியாக, கடைசியில், ஒரே அட்டவணை.

பிழைதிருத்தி_அக்கா:
எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓடு மாற்றும் செலவை அந்தப் பத்தியிலேயே பார்த்தால்தான் "மழைக்கு முன்" என்பதற்குக் கனம் வரும்.

தேவகோட்டை_டைல்ஸ்:
தேங்காய் எண்ணெய் பற்றி யாரும் சொல்லவில்லையே?