ஊரில் நடந்த அடிதடிக்குக் கம்பெனி சஸ்பெண்ட் செய்யலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

செய்யாற்றுக்காரன்

வணக்கம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில், பிரஸ் ஷாப்பில் நிரந்தரத் தொழிலாளியாக இருக்கிறேன். ஊரில் பங்காளி வீட்டோடு வரப்புத் தகராறு. லீவில் போயிருந்தபோது வாய்ச்சண்டை கைகலப்பாகி, அவர்கள் தரப்பில் ஒருவருக்குத் தலையில் தையல் போடும்படி ஆகிவிட்டது. என் மேலும் அண்ணன் மேலும் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பி.என்.எஸ். பிரிவுகள் 296(பி), 115(2), 118(1), 351(3). ஒரு வாரத்துக்கு மேல் சப்-ஜெயில். இப்போது நிபந்தனை ஜாமீனில் வெளியே வந்து, தினமும் காலை 10.30க்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

வேலைக்குப் போனால் கேட்டிலேயே சஸ்பென்ஷன் ஆர்டரைக் கையில் கொடுத்துவிட்டார்கள். "குற்ற வழக்கில் கைதாகி நிறுவனத்தின் பெயருக்குக் களங்கம் ஏற்படுத்தினீர்கள், அனுமதியின்றிப் பணிக்கு வரவில்லை, விளக்கம் கொடுங்கள்" என்று இருக்கிறது. கம்பெனிக்கும் வரப்புக்கும் என்ன சம்பந்தம்? யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

தாலுகா ஆபீஸ்

நண்பரே, பயப்பட வேண்டாம். 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தாலே தானாக சஸ்பென்ஷன்தான், தனி ஆர்டர்கூட தேவையில்லை. எங்கள் பிரிவில் ஒருவர் மாமனார் வீட்டுத் தகராறில் உள்ளே போனார். வெளியே வருவதற்குள் சஸ்பென்ஷன் ஆகியிருந்தது. வழக்கில் விடுதலையானதும் பழைய சம்பளம் முழுக்கக் கொடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். உங்களுக்கும் அப்படித்தான். கேஸை ஜெயியுங்கள், மற்றதெல்லாம் தானாக வரும்.

ரவுண்டு ஷிஃப்ட்

எனக்கும் இதே பிரச்சனைதான். வார விடுமுறையில் போன் போட்டு வேலைக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. திங்கட்கிழமை மெமோ. வேலை நேரத்துக்கு வெளியே நான் என்ன செய்தால் இவர்களுக்கு என்ன? ஓ.டி. கட்டாயமா என்று யாராவது சொல்லுங்கள்.

பழைய சங்கத்துக்காரன்

ரவுண்டு ஷிஃப்ட் தம்பி, உங்கள் விஷயம் வேறு, தனியாகக் கேளுங்கள்.

தாலுகா ஆபீஸ் சார் சொன்ன 48 மணி நேரம் அரசு ஊழியர்களுக்கான ஒழுங்கு நடவடிக்கை விதியில் இருப்பது. அவர்களுக்குச் சரி. தொழிற்சாலைத் தொழிலாளிக்கு அந்த விதி ஓடாது. அவருக்கு வேதம் அவருடைய கம்பெனியின் சான்றிடப்பட்ட நிலையாணைகள்தான், அதாவது ஸ்டாண்டிங் ஆர்டர் என்கிற வேலை விதிகள். செய்யாற்றுத் தம்பி முதலில் அதன் நகலை வாங்க வேண்டும். நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருப்பார்கள், இல்லாவிட்டால் சங்கத்திடம் இருக்கும்.

அதில் இரண்டு இடங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். சஸ்பென்ஷன் பற்றிய பிரிவு ஒன்று, தண்டனைக்குரிய தவறுகளைச் சொல்லும் மிஸ்காண்டக்ட் பட்டியல் இன்னொன்று. மத்திய மாதிரி நிலையாணைகளில், எந்தக் குற்றத்துக்காகவும் விசாரணையோ வழக்கோ நடந்துகொண்டிருந்தால், தேவை என்று நிர்வாகம் கருதினால் எழுத்து மூலம் சஸ்பெண்ட் செய்யலாம் என்று இருக்கிறது. பல கம்பெனிகள் அதை அப்படியே எடுத்து வைத்திருக்கின்றன. அதனால் சஸ்பென்ஷனே செல்லாது என்று வாதாடுவதில் பெரும்பாலும் பிரயோஜனம் இல்லை. அது தண்டனை ஆகாது. அந்தக் காலத்துக்குப் பிழைப்பூதியம் உண்டு, முதல் 90 நாளைக்குச் சம்பளத்தில் பாதி, அதற்குப் பிறகும் இழுத்து அந்தத் தாமதத்துக்கு நீங்கள் காரணம் இல்லை என்றால் 75 சதவீதம். அதை மாதாமாதம் கேட்டு வாங்குங்கள்.

தண்டனை கொடுக்கத்தான் மிஸ்காண்டக்ட் பட்டியல் வேண்டும். அடிதடி, ஒழுங்கீனம் என்று வரும் வரியில் "நிறுவன வளாகத்துக்குள்" அல்லது "அதன் அருகில்" என்ற சொற்கள் இருக்கிறதா பாருங்கள். 1980களில் கிளாக்ஸோ கம்பெனி வழக்கில், வேலைநிறுத்தத்தின்போது வேலைக்குப் போனவர்களை ஆலைக்கு வெளியே அடித்ததாகப் புகார். அங்கேயே உச்ச நீதிமன்றம், ஸ்டாண்டிங் ஆர்டரில் வளாகம், அருகில் என்று எழுதியிருந்தால் அதைத் தாண்டி இழுக்க முடியாது, தண்டனை தரும் விதியைக் கறாராகத்தான் படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. உங்கள் வரப்பு எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது?

பார் வாசல்

ஐயா சொல்வது சரி, ஆனால் முழுக்க நம்பி உட்கார வேண்டாம். என் கதை இது. ஷிஃப்ட் முடிந்து டாஸ்மாக்கில் எங்கள் சூப்பர்வைசரைப் பார்த்தேன். இன்சென்டிவ் விஷயத்தில் ஏற்கனவே கடுப்பு. கை ஓங்கிவிட்டேன். கம்பெனியிலிருந்து வெகுதூரம், இரவு நேரம், யூனிஃபார்ம்கூட இல்லை. விசாரணை வைத்து டிஸ்மிஸ் செய்தார்கள். லேபர் கோர்ட்டில் நான் "வெளியே நடந்தது" என்று வாதாடியபோது கம்பெனி வக்கீல் எழுந்து டாடா ஆயில் மில்ஸ் வழக்கு என்று ஒன்றை நீட்டினார். கதை முடிந்தது.

பழைய சங்கத்துக்காரன்

அந்த வழக்கு 1964. எர்ணாகுளம் பக்கம் சோப்பு ஆலை. போனஸ் திட்டத்தை ஆதரித்த ஒருவரை அதை எதிர்த்த தொழிலாளி ஆலைக்கு வெளியே வைத்து அடித்தார். முழுக்கச் சொந்தத் தகராறு என்றால் வெளியே நடந்ததை மிஸ்காண்டக்ட் ஆக்க முடியாது, ஆனால் இது வேலை விவகாரத்தால் வந்த அடி, மற்றவர்களைப் பயமுறுத்தும் அடி என்று சொல்லி டிஸ்மிஸலை உச்ச நீதிமன்றம் சரி என்றது. ஆக, இடத்தோடு காரணத்தையும் பார்ப்பார்கள். பார் வாசல் தம்பி மாட்டியது காரணத்தில்.

எச்.ஆர். அக்கா

நான் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவள், திட்டாமல் படியுங்கள். இந்த மாதிரிக் கேஸ்களில் "களங்கம்" என்ற குற்றச்சாட்டை நாங்களே பெரிதாக நம்புவதில்லை. அதை நிரூபிக்க எங்களிடம் சாட்சி கிடையாது. கிராமத்தில் நடந்ததற்கு எஃப்.ஐ.ஆர். நகலைத் தவிர என்ன வைக்க முடியும்? அது மட்டும் சாட்சியம் ஆகாது என்று ரூப் சிங் நேகி வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

எங்களுக்கு உண்மையில் உதவுவது இரண்டாவது வரி, அனுமதியில்லாமல் வராதது. 10 நாளுக்கு மேல் லீவு சொல்லாமல் இருந்தால் பெரும்பாலான ஸ்டாண்டிங் ஆர்டர்களில் அதுவே தனி மிஸ்காண்டக்ட். அதை நிரூபிக்க வருகைப் பதிவேடு போதும். சண்டைக்காக வேலை போனவர்களைவிட ஜெயிலில் இருந்த நாட்களுக்கு லீவு லெட்டர் தராமல் வேலை போனவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். செய்யாற்றுத் தம்பி, உள்ளே இருந்தபோது வீட்டிலிருந்து யாராவது கம்பெனிக்கு எழுதினார்களா?

செய்யாற்றுக்காரன்

அக்கா, மனைவி என் லைன் லீடருக்கு வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கிறாள். அவர் "சரிம்மா, பார்த்துக்கலாம்" என்று பதில் போட்டிருக்கிறார். தபால் எதுவும் அனுப்பவில்லை.

எச்.ஆர். அக்கா

அந்த மெசேஜை முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதி தெரியும்படி பிரிண்ட் போடுங்கள். ரிமாண்ட் ஆர்டர், ஜாமீன் ஆர்டர், சிறையிலிருந்து விடுவித்த தேதிக்கான சான்று மூன்றின் நகலையும் சேர்த்து, "காவலில் இருந்ததால் வர இயலவில்லை, அந்த நாட்களை இருப்பிலுள்ள விடுப்பில் கழித்துக்கொள்ளவும்" என்று பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வேண்டுமென்றே வராதது வேறு, வர முடியாதது வேறு. விசாரணை அதிகாரி அதைக் கணக்கில் எடுக்காமல் எழுதினால் பிறகு லேபர் கோர்ட்டில் நாங்கள்தான் திணறுவோம்.

இன்னொன்று. 10.30 கையெழுத்து. சஸ்பென்ஷன் நீங்கினாலும் ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்கு எப்படி வருவீர்கள்? வக்கீலிடம் சொல்லி நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு மனு போடுங்கள். வேலைக்குப் போகிறவர் என்று காட்டினால் வாரம் ஒருமுறை என்று மாற்றிக்கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பழைய சங்கத்துக்காரன்

அம்மா சொன்னது மணியான யோசனை. நான் சேர்ப்பது ஒன்றுதான். விளக்கக் கடிதத்தில் சண்டையைப் பற்றிக் கதை எழுதாதீர்கள். "அவன்தான் முதலில் மண்வெட்டியைத் தூக்கினான், நான் தடுத்தேன்" என்று கம்பெனிக்கு எழுதிய கடிதம் நாளைக்குக் கிரிமினல் கோர்ட்டில் எதிர்த்தரப்பு கையில் இருக்கும். வழக்கு நீதிமன்றத்தில் இருப்பதால் அதன் உண்மைகளுக்குள் போகவில்லை, குற்றச்சாட்டை மறுக்கிறேன், சம்பவம் பணியிடத்துக்கும் பணிக்கும் தொடர்பில்லாதது. இவ்வளவு போதும். வக்கீல் பார்த்த பிறகு அனுப்புங்கள்.

கேஸ் முடியும்வரை கம்பெனி விசாரணை வைக்கக் கூடாது என்று சிலர் சொல்வார்கள். அப்படிப் பொது விதி கிடையாது. இரண்டும் ஒரே உண்மைகளின் மேல் நின்று, குற்றச்சாட்டும் கடுமையாகவும் சிக்கலாகவும் இருந்தால் நிறுத்திவைப்பது நல்லது என்று 1999இல் பால் அந்தோணி வழக்கில் சொன்னார்கள். கேட்டுப் பார்க்கலாம், கிடைக்கும் என்று உறுதி இல்லை.

தாலுகா ஆபீஸ் சார், முழுச் சம்பளம் பற்றி. குஜராத் மின்வாரிய ஊழியர் ஒருவர், வேலைக்குச் சம்பந்தமில்லாத கொலை வழக்கில் தண்டனை பெற்று வேலை இழந்தார். உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது, வேலை திரும்பக் கிடைத்தது. பழைய சம்பளம் கேட்டபோது 1996இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அவர் வழக்கில் சிக்கியதால்தான் வேலை செய்ய முடியாமல் போனது, அதற்கு வாரியம் ஏன் கொடுக்க வேண்டும் என்ற கணக்கு.

தாலுகா ஆபீஸ்

அப்படியா? எங்கள் ஆளுக்கு முழுசாகக் கொடுத்தார்களே. ஒருவேளை அவருடைய கேஸில் தண்டனையே வராததாலோ என்னவோ. சரி, எங்களுக்குச் சட்டம் இன்னும் கடுமை ஐயா. நடத்தை விதியில் முதல் மனைவி இருக்கும்போது இரண்டாம் திருமணம் செய்வதுகூடப் பணிக் குற்றம். தனியார்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

பெஞ்சு

ஐ.டி.யில் அந்தக் கொடுப்பினை இல்லை சார். நண்பன் ஒருவன் ஊர்ச் சாதிச் சண்டையைப் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதினான். வழக்குகூட இல்லை. மீட்டிங்குக்குக் கூப்பிட்டு "ராஜினாமா கொடுத்தால் ரிலீவிங் லெட்டர், இல்லாவிட்டால் டெர்மினேஷன்" என்றார்கள். அரை மணியில் கொடுத்துவிட்டு வந்தான். டீம் லீடாக இருந்ததால் "தொழிலாளி" கணக்கில் வருவானா, லேபர் கோர்ட்டுக்குப் போக முடியுமா என்று வக்கீல்களே ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

புதிதாக வேலை தேடுகிறவர்களுக்கு: வெரிஃபிகேஷன் படிவத்தில் வழக்கு உண்டா என்று கேட்டால் மறைக்காதீர்கள். 2016 அவதார் சிங் வழக்குத் தீர்ப்பு அரசு வேலைக்கானது என்றாலும், கம்பெனிகளும் "வழக்கு பரவாயில்லை, பொய் சொன்னாயே" என்றுதான் பிடிக்கிறார்கள்.

செய்யாற்றுக்காரன்

எல்லோருக்கும் நன்றி. ஸ்டாண்டிங் ஆர்டர் கிடைத்துவிட்டது. அடிதடி பற்றிய வரியில் "வளாகத்துக்குள்" என்று இருக்கிறது. ஆனால் கீழே "ஒழுக்கக் கேடான குற்றத்துக்குத் தண்டனை பெறுதல்" என்று தனியாக ஒன்று இருக்கிறது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், முதலில் சொல்லத் தோன்றவில்லை. தையல் போட்ட பங்காளியின் தம்பி எங்கள் கம்பெனியிலேயே பெயின்ட் ஷாப்பில் கான்ட்ராக்டில் இருக்கிறான்.

பழைய சங்கத்துக்காரன்

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் தம்பி. அந்த வரி தண்டனை வந்தால்தான், இப்போது இருப்பது குற்றச்சாட்டு மட்டும். வரப்புச் சண்டை "ஒழுக்கக் கேடு" ஆகுமா என்பது அப்புறம் அடித்துக்கொள்ள வேண்டிய விஷயம், ஒவ்வொரு கோர்ட்டும் ஒவ்வொரு மாதிரி பார்த்திருக்கிறது.

தம்பிக்காரன் அங்கே இருப்பது மட்டும் உங்கள் தகராறை வேலைத் தகராறாக மாற்றாது. ஆனால் கேன்டீனிலோ கம்பெனி பஸ்ஸிலோ ஒரு வார்த்தை தடித்தால் அது வளாகத்துக்குள் நடந்ததாகிவிடும், சாட்சியை மிரட்டினார் என்று ஜாமீனையும் ரத்து செய்யக் கேட்பார்கள். அவன் எந்த ஷிஃப்ட், எந்த பஸ்?

செய்யாற்றுக்காரன்

அதே பஸ்தான் ஐயா. எச்.ஆர். அக்கா, ரூட் மாற்றிக் கேட்டு எழுதினால் நானே தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகுமா?

எச்.ஆர். அக்கா

ஆகாது. காரணம் எழுதாமல் ரூட் மாற்றம் மட்டும் கேளுங்கள். சஸ்பென்ஷன் முடிந்த பிறகு கேட்டால் போதும்.